மாமாவின் கூண்டில் இருந்தது குவாக்கர் இல்லை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வரும் உயிரினங்களை வளர்ப்பவர்கள் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மதுரையில் மொட்டை மாடியில் கூண்டு போட்டுப் பறவை வளர்க்கும் என் தாய்மாமாவுக்கு இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்ந்தது. "மாப்ள, கேமராவத் தூக்கிக்கிட்டு காடு மேடெல்லாம் சுத்துறியே, நம்ம வீட்டுப் பறவைக்கு ஒரு ஃபாரம் போட்டுக் குடுக்க மாட்டியா?" என்றார்.

ஃபாரம் போடுவது பெரிய வேலையில்லை. ஆனால் அது ஒவ்வொரு பறவைக்கும் இனப்பெயர் கேட்கும். அங்கேதான் வேலை தொடங்கியது.

முதலில் எவற்றுக்குப் பதிவு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டோம். நான்காம் அட்டவணை சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலைத் தழுவியது. அந்தப் பட்டியலில் உலகத்துக் கிளிகள் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. விடுபட்டவை நான்கே நான்கு இனம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ்பேர்ட், அப்புறம் நம் பச்சைக்கிளி. இந்த நான்காவதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பச்சைக்கிளி இந்தியச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பட்ஜியும் காக்டெயிலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று மாமா சொன்ன கூண்டுதான் சிக்கல். அதில் பச்சை, மஞ்சள், நீலம் என்று பல நிறம். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. வளர்ப்பில் நிறத்தை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் உடலும் சிவந்த முகமும் பீச் ஃபேஸ், ஃபிஷர் என்ற இரண்டு இனத்திலும் உண்டு. பார்க்க வேண்டியது கண்ணையும் அலகையும்தான். கண்ணைச் சுற்றி இறகில்லாத வெள்ளை வளையம் தடிப்பாக இருந்து, அலகு சிவப்பாகவும் இருந்தால் ஃபிஷர் லவ்பேர்ட். வளையம் இல்லாமல், அலகு வெளுத்த கொம்பு நிறத்தில் இருந்தால் பீச் ஃபேஸ். முன்னதற்குப் பதிவு கட்டாயம், பின்னதற்குத் தேவையில்லை. நீல வகையில் சிவப்பு அலகும் வெளிறிப் போகும் என்பதால் அங்கே கண் வளையத்தைத்தான் நம்ப வேண்டும்.

மாமா ஏற்கெனவே அனுப்பியிருந்த படங்கள் எதற்கும் உதவவில்லை. கூண்டுக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் நீலம் பூத்திருந்தது. போதாக்குறைக்கு ஃபோன் கம்பியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் கிளியை மங்கலாக்கியிருந்தது. காலையில் தார்ப்பாயை விலக்கி, வெயில் நேராக விழாத பக்கத்தில், லென்ஸைக் கம்பி இடைவெளியில் ஒட்டி வைத்து எடுத்தேன். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகினால், அது படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தே நிறத்தை நம்பலாமா என்று சொல்லிவிடலாம். பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று என்று எடுத்தால் போதும். இறக்கை மடிந்திருக்கும்போது பின்முதுகு தெரியாது. லேசாகத் தண்ணீர் தெளித்தால் லவ்பேர்ட்கள் இறக்கையை விரித்துக் குளிக்கும். அதை வீடியோ எடுத்து ஒரு ஃபிரேமை வெட்டிக்கொண்டேன்.

வீடியோவில் இன்னொரு நல்ல சாட்சியும் கிடைத்தது. மாமா கூடு கட்டத் தென்னங்கீற்றைக் கிழித்துப் போடுவார். பீச் ஃபேஸ் பெட்டை அந்த நாரை இடுப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு பறந்தது. ஃபிஷர் பெட்டை அலகில் கவ்விக்கொண்டு போனது. நிறம் எப்படி மாறினாலும் இந்தப் பழக்கம் மாறுவதில்லை.

ஒரே ஒரு பறவை எதிலும் அடங்கவில்லை. கண் வளையம் நூல் மாதிரி மெலிந்து, பாதியோடு நின்றிருந்தது. அலகு ஆரஞ்சுக்கும் கொம்பு நிறத்துக்கும் நடுவில் ஏதோ. இரண்டு இனத்தையும் ஒரே கூண்டில் விட்டதால் வந்த கலப்பு. இவை பொதுவாக மலடாகவே இருக்கும். இரண்டு வருஷமாக இதன் ஜோடி இடும் முட்டை பொரிக்கவே இல்லை என்று மாமா கால்சியம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்! அதை இனி ஜோடி சேர்ப்பதில்லை என்று முடிவானது. கலப்புக்கும், பட்டியலில் உள்ள பெற்றோரின் நிலையே பொருந்தும் என்பது சைட்டீஸ் நடைமுறை. அதனால் அதையும் பதிவுக் கணக்கில் சேர்த்தோம்.

கடைசிக் கூண்டில் ஒரே ஒரு பறவை. சந்தையில் குவாக்கர் என்று சொல்லி விற்றார்களாம். தென்னமெரிக்கக் கிளி, பச்சை உடல், சாம்பல் முகம். மாமா காட்டிய படத்தில் பச்சை உடலும் சாம்பல் தலையும் இருந்தது உண்மைதான். ஆனால் குவாக்கரின் சாம்பல் நெற்றி, கன்னம், தொண்டை, மார்போடு சரி. பிடரி பச்சையாக இருக்கும். மார்பில் செதில் செதிலாக வரி ஓடும். நான் முதுகுப்புறம் எடுத்த படத்தில் இந்தக் கிளிக்குத் தலை முழுக்கப் பிடரி வரை சாம்பல். அதற்குக் கீழே மஞ்சள் படிந்த பட்டை. மார்பு வரியே இல்லாத பச்சை. மேல் அலகு மஞ்சள், வால் மெலிந்து நீண்டு நுனியில் வெளுத்திருந்தது. சமையலறைத் தராசில் அட்டைப் பெட்டியோடு வைத்து, பெட்டியின் எடையைக் கழித்துப் பார்த்தோம். எழுபது கிராம் சொச்சம். வளர்ந்த குவாக்கர் நூறு கிராமை ஒட்டி இருக்கும்.

அது செந்தலைக் கிளியின் பெட்டை. ஆணுக்குத்தான் தலை சிவக்கும். பெட்டைக்குச் சாம்பல். நம் மலையடிவாரக் காடுகளில் கூட்டமாகப் பறக்கிற பறவை. இரண்டாம் அட்டவணை.

எனக்குத் தெரிந்த ஒரு பறவை மருத்துவரிடம் படங்களை அனுப்பினேன். அவரும் முதுகுப் படத்தைப் பார்த்ததும் அதையேதான் சொன்னார். மாமாவுக்கு மனசே ஆறவில்லை. "காசு குடுத்துத்தானேடா வாங்குனேன், பதிஞ்சிட்டா என்ன?" என்றார். குவாக்கர் என்று பதிந்தால் அது பொய் வாக்குமூலம். செந்தலைக் கிளி என்று பதிய அங்கே வழியே கிடையாது. திறந்துவிடலாமா என்று அத்தை கேட்டார். ஒரு பக்க இறக்கையைச் சந்தையிலேயே கத்தரித்திருந்தார்கள், பறந்தால் காக்கைக்குத்தான் இரை. வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, கிளியைக் கூண்டோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். எப்போது, யாரிடம், என்ன பெயர் சொல்லி வாங்கியது என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாள் வாங்கிக்கொண்டோம். அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள், நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் பதில்.

அப்புறம் ஃபாரம் சுலபமாக முடிந்தது. இனப்பெயர்க் கட்டத்தில் Agapornis fischeri, ஒவ்வொரு பறவைக்கும் பக்கவாட்டுப் படம், கால் வளையம் உள்ளவற்றுக்கு வளைய எண். லவ்பேர்ட் கூண்டை மாமா நடுவில் தடுத்துவிட்டார். ஃபிஷர்கள் கூட்டமாக ஓரளவு ஒத்துப்போகும். பீச் ஃபேஸ் பெட்டை அடுத்தவர் காலைக் கடித்துவிடும், அதனால் அவை ஜோடி ஜோடியாகத் தனிக் கூண்டில். ஃபிஷர் பக்கம் இப்போது குஞ்சு பொரித்திருக்கிறது. பிறப்பையும் இறப்பையும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அந்த வேலையும் என் தலையில்தான்.