எலும்பு ஸ்கேன்: இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க

ஆத்தாவுக்கு எலும்பு அடர்த்தி பார்க்க காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் ஒரு சிரமமும் இல்லை. வினை ரிப்போர்ட்டில்தான்.

கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். முதுகெலும்பு டி-ஸ்கோர் -1.7, லேசான தேய்மானம்னு போட்டிருந்தது. ஆத்தாவுக்கு வயசு 68. கீழ் முதுகு வலி ஓயலை, வழக்கமான உயரத்துக்குக் கட்டுற புடவை இப்போ தரையில் புரளுது. டாக்டர் அம்மா தாளைத் திருப்பிப் பார்த்துட்டு, "ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனி எண் எங்கே? இடுப்பு எடுக்கலையா?"ன்னு கேட்டாங்க.

கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கலை. "பேக்கேஜ்ல முதுகு மட்டும்தான். மத்த பக்கமெல்லாம் தர்றதில்லை." டாக்டர் சீட்டைக் காட்டி, நகராம நின்ன பிறகுதான் முழு ரிப்போர்ட் வந்துச்சு. இடுப்புக்குத் தனியாப் பணம், இன்னொரு நடை.

முழுசாப் பார்த்தால், கீழ் முதுகில் அடுக்கா இருக்கிற நாலு எலும்பில் எல்-1, எல்-2 ரெண்டும் -2.5ஐ ஒட்டி, எல்-4 -1.9. எல்-3 மட்டும் +0.1! அது நல்ல எலும்பு இல்லையாம், அமுங்கிப்போன எலும்பு. அதே சுண்ணாம்புச் சத்து சின்னப் பரப்பில் நெருங்கி நிற்கிறதால மெஷின் அதை அடர்த்தின்னு காட்டி, மொத்தக் கணக்கையும் தூக்கிவிட்டிருக்கு. வயசானவங்க முதுகில் முளைக்கிற எலும்பு முள்ளும் இதே வேலையைச் செய்யுமாம்.

இடுப்புக் கணக்கை டாக்டர் போட்டே காட்டினாங்க. இளம் பெண்களின் தொடை எலும்புக் கழுத்தில் சராசரி அடர்த்தி ஏறக்குறைய 0.85. அவங்களுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இருக்கிற வழக்கமான வித்தியாசம் 0.11. ஆத்தாவுக்கு 0.55. அதாவது 0.30 குறைவு, அதை 0.11 ஆல் வகுத்தால் -2.7. டி-ஸ்கோர் இவ்வளவுதான்: இளவயசு சராசரியிலிருந்து எத்தனை படி கீழேன்னு சொல்ற எண். -2.5ம் அதுக்குக் கீழேயும் இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா உடையிற நோய். எடுத்த இடங்களில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பாங்க. அதோட, விழாமலே முதுகெலும்பு அமுங்கியிருந்தால் எண் என்னவா இருந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தானாம்.

எலும்பு சும்மா கிடக்கிற பொருள் இல்லை. பழசை அரிச்செடுக்கிற செல்லும் புதுசைக் கட்டுற செல்லும் எந்நேரமும் வேலை பார்க்குது. மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறைய, அரிக்கிற செல்லுக்கு ஆயுள் கூடிடுது. சில வாரத்தில் அரிச்ச பள்ளத்தை நிரப்ப மாதக்கணக்காகும். முதல் சில வருஷம் இழப்பு வேகம். முதுகெலும்பின் உள்ளே இருக்கிற கடற்பஞ்சு மாதிரிப் பகுதிதான் முதல்ல அடி வாங்குது. வலி எதுவும் முன்கூட்டிச் சொல்லாது.

போறவங்க முந்தின நாளே கால்சியம் மாத்திரையை நிறுத்திடுங்க. கரையாத மாத்திரை முதுகுக்கு நேரா வயித்தில் கிடந்தால் அதையும் மெஷின் எலும்போட சேர்த்துக்கும். தனித்தனி எண்ணுள்ள பக்கத்தைக் கேட்டு வாங்காம நகராதீங்க.

மருந்து தொடங்கியாச்சு. மறு ஸ்கேனை அதே மெஷினில்தான் எடுக்கணுமாம், வேற மெஷின் எண்ணோட ஒப்பிட முடியாதாம். அந்தக் கவுன்டர் ஆளை மறுபடியும் பார்த்தாகணும்.