மாலை போட்ட மூன்றாம் இரவும் அதற்குப் பிறகும்

என் கணவர் கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையில் லேத் ஓட்டுபவர். எங்களுக்குத் திருமணமான புதிதில் சனிக்கிழமைச் சம்பளத்தன்று மட்டும் குடித்தவர், எந்த ஆண்டு என்று என்னால் சுட்டிக் காட்ட முடியாத ஏதோ ஒரு கட்டத்தில் தினமும் குடிப்பவராக ஆகியிருந்தார். இரவில் இரண்டு குவார்ட்டர் வாங்கி, அதில் சிறிதளவைக் குடிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வார். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், மறுநாள் காலை பட்டறைக்குப் போவதற்கு முன் அந்த மிச்சம் அவருக்குத் தேவைப்பட்டது. அதைக் குடிக்காமல் போனால் வெர்னியரைப் பிடிக்கும் கை நடுங்கும், குடித்தால் நின்றுவிடும். குடித்தால்தான் வேலை நன்றாக ஓடுகிறது என்று அவரும் அவருடைய நண்பர்களும் சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினோம். காலையில் மது இல்லாமல் கை நடுங்குவது, உடல் அதைச் சார்ந்து போய்விட்டது என்பதற்கான அடையாளம் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறக்குறைய 60 கிராம் சாராயம் இருக்கிறது. நாளுக்கு இரண்டு என்றால் 120 கிராம். இந்தக் கணக்கைப் பின்னால் மருத்துவர் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியபோதுதான், "கொஞ்சமாகத்தான் குடிப்பார்" என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்தது எவ்வளவு பெரிய அளவை மூடி வைத்திருந்தது என்று விளங்கியது.

குடியை நிறுத்த வேண்டும் என்று அவரே விரும்பிய ஆண்டு ஒன்று வந்தது. எங்கள் பக்கத்தில் குடிப்பவர்கள் பலருக்கும் கைவசம் இருக்கிற வழி சபரிமலைக்கு மாலை போடுவதுதான். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால் மலைக்குப் போய் வரும்வரை தொட மாட்டார்கள். மாலையைக் கழற்றிய அன்று பலர் திரும்பக் கடைக்குப் போவதும் ஊரறிந்த விஷயம். அவர் ஐப்பசிக் கடைசி இரவு வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் குளித்து, கோயிலில் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டார். அன்று மாலையே வியர்வை சட்டையை நனைத்தது, சோறு இறங்கவில்லை. விரதத்தில் உடம்பு சுத்தமாகிறது என்றார்கள். இரண்டாம் நாள் தூக்கமே இல்லை.

மூன்றாம் நாள் இரவு அவர் பாயில் உட்கார்ந்து, போர்வையின் மேல் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிப் போட்டார். பிறகு எழுந்து சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சக்கரத்தைச் சுற்றினார். குனிந்து ஏதோ அளவு பார்த்தார். என்னை யாரோ பட்டறைப் பையன் என்று நினைத்து, கூலண்ட் ஊற்றச் சொன்னார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு, "சும்மா இரு, ஜாப் ஓடிட்டு இருக்கு" என்றார். பக்கத்து வீட்டு அக்கா கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து, சாமி வந்திருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் உடம்பைத் தொட்டால் அனல் அடித்தது, நாடி ஓட்டமாக ஓடியது. என் மாமியார்தான், "இது சாமி இல்ல, இவனுக்கு என்னமோ ஆகுது" என்று ஆட்டோ பிடிக்கச் சொன்னார்.

அரசு மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி, கடைசியாக எப்போது குடித்தார் என்பதுதான். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், ஆறு மணி நேரம் முதல் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும் என்றும், இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும் என்றும், மூன்றாம் நான்காம் நாட்களில் சிலருக்கு இப்படி நேரம், இடம், ஆள் மூன்றும் தெரியாமல் குழம்பும் என்றும், இந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம் என்றும் பயிற்சி மருத்துவர் ஒருவர் விளக்கினார். மது மூளையை அடக்கிக்கொண்டே இருக்கிறது. அதை எதிர்த்து மூளை பல ஆண்டுகளாகத் தன்னை உந்திக்கொண்டே இருக்கிறது. கதவின் மறுபக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்தவர் திடீரென்று விலகினால் இந்தப் பக்கம் தள்ளுகிறவர் தலைகுப்புற விழுவதைப் போல, மது விலகியதும் மூளையின் அந்த உந்துதல் கட்டின்றிப் போகிறது. இப்படிக் குழம்புகிறவர்கள் தங்கள் தொழிலையே காற்றில் செய்வது வார்டில் அடிக்கடி காண்பதுதானாம். தறிக்காரர் தறி நெய்வார், ஓட்டுநர் வண்டி ஓட்டுவார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நினைவு தப்பிய நிலையிலும் அந்த மனிதர் எங்களுக்காக வேலைக்குத்தான் போயிருக்கிறார்.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாகப் போட்டார்கள். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் அது வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம் என்றார் செவிலியர். "சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் ஏற்றி விடுங்கள்" என்று தெருமுனைக் கிளினிக்கில் கேட்பவர்கள், அவர் குடிப்பவர் என்பதை வெட்கப்பட்டு மறைக்காமல் இருப்பது அதனால்தான் முக்கியம். அமைதிப்படுத்தும் மருந்தை முதலில் அதிகமாகவும், பிறகு ஒவ்வொரு நாளும் குறைத்தும் கொடுத்தார்கள். மறுநாள் குருசாமியே வார்டுக்கு வந்து மாலையைக் கழற்றினார். இதில் எந்தத் தோஷமும் இல்லை, அடுத்த ஆண்டு மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று அவர் சொன்னதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். காலையில் மது தேவைப்படுகிறவர்களும், முன்பு ஒரு முறையாவது வலிப்பு வந்தவர்களும் வீட்டில் வைத்தோ விரதத்தின் பெயராலோ தாங்களாக நிறுத்தவே கூடாது.

அவர் தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அது நான் சற்றும் எதிர்பாராதது. குடித்த காலத்தில் கோபப்பட நேரமே இருந்ததில்லை. இரவில் வண்டிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பதும், வந்தவர் எந்த நிலையில் வருகிறார் என்பதைச் சத்தத்தை வைத்தே கணிப்பதும், காலையில் பட்டறை மேஸ்திரிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வதும், அடகு வைத்த வளையலுக்கு வட்டி கட்டுவதுமாக நாட்கள் போயின. இப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து மகளுக்கு நிலக்கடலை உரித்துக் கொடுக்கிறார்; தெருவில் எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள்; நானோ பாத்திரங்களை ஓங்கி வைக்கிறேன். ஒரு நாள் அவர், "இப்பத்தான் குடிக்கிறதில்லையே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் எழுப்பிய ஆத்திரம், அவர் குடித்துவிட்டு வந்த எந்த இரவிலும் எழுந்ததில்லை.

இதற்கிடையே மறுபடி குடிக்காமல் இருக்க டைசல்ஃபிரம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஈரல் பரிசோதனை செய்து, அவரிடம் எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் பெற்ற பிறகே தொடங்கினார்கள். குடித்த சாராயத்தை உடல் அசிட்டால்டிஹைடாக மாற்றி, பின் அதையும் சிதைத்து வெளியேற்றும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது படியைத் தடுக்கிறது. ஆகவே அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தும் ஆகலாம். கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளைப் பற்றி நான் கேட்டபோது, மருத்துவர் முகம் மாறிவிட்டது. அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, இந்த மருந்தே கலந்திருந்து அவர் தெரியாமல் அரை பாட்டில் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள் என்றார்.

மாத்திரையைத் தினமும் காலையில் என் எதிரிலேயே தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது; ஆனால் அது மனைவியைக் காவல்காரியாக்கிவிடுகிறது. அந்த மாத்திரையின் விளைவு நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடலில் இருக்கும். அதனால், குடிப்பதற்கு வெகு முன்பே குடிக்கும் எண்ணம் மாத்திரையில் தெரிந்துவிடும். நண்பர் வீட்டுக் கிடா விருந்துக்கு ஒரு வாரம் முன்பு அவருக்கு மாத்திரை வயிற்றைப் புரட்டத் தொடங்கியது. பிறகு அவசர வேலை வந்தது. பிறகு அட்டை காணாமல் போனது. எனக்குப் புரிந்தது, சொல்லவும் சொன்னேன். விருந்தில் ஒரு கிளாஸ் குடித்தவரை, கண்ணும் காதும் சிவந்து மூச்சிரைக்க, நண்பர்கள் நேராக மருத்துவமனைக்குத்தான் தூக்கிப் போனார்கள். நான் போய், வாளியில் வாந்தி எடுத்தவரின் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். இவர் செத்தால் நான் ஒரு இரவாவது தூங்குவேன் என்று மனதில் ஓடியது. அதே நேரம் அவர் தலை வாளி விளிம்பில் இடிக்காமல் என் கை பார்த்துக்கொண்டது. இரண்டில் எது பொய் என்று கேட்டால் இரண்டும் பொய்யில்லை.

அதன் பிறகு அல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். குடிநோயாளிகளுக்கான ஏ.ஏ. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன் முன்னின்று 1951இல் அமெரிக்காவில் குடும்பத்தாருக்கென உருவாக்கியது அது. குடிக்கு நான் காரணமில்லை, அதை என்னால் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். என்னால் கட்டுப்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆனது. தினமும் காலையில் டம்ளரைப் பிடித்து நிற்கிறவளிடம் அதைச் சொல்வது முரணாகவே பட்டது. அங்கிருந்த மூத்த அம்மா ஒருவர், "டம்ளரைக் கொடுக்கிறதோட உங்க வேலை முடிஞ்சிருச்சுங்க. குடிக்கிறதும் குடிக்காததும் அவரு வேலை" என்றார். எனக்கு உதவியது அந்த ஒரு வாக்கியம்.

அதிலிருந்து மேஸ்திரிக்கு நான் போன் செய்வதில்லை. அவர் வாங்கிய கடனுக்கு நான் வட்டி கட்டுவதில்லை. மகளின் பள்ளிக் கட்டணம் என் பெயரில் உள்ள கணக்கில் தனியாக இருக்கிறது. குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு நானும் மகளும் மாமியார் அறையில் தாழிட்டுப் படுத்துக்கொள்வோம் என்று அவர் தெளிவாக இருந்தபோதே சொல்லி வைத்தேன். கொழுந்தனார், வேனில் ஆள் வந்து கட்டித் தூக்கிப் போகும் ஒரு தனியார் இல்லத்தைப் பற்றிச் சொன்னபோது மறுத்துவிட்டேன். முதல் முறை அவரே விரும்பி நிறுத்தினார். கட்டித் தூக்கிப் போனால் அந்த விருப்பம் மிஞ்சாது என்று எனக்குத் தோன்றியது.

அவர் மறுபடி மாத்திரைக்கு வந்தார். விருந்துக்குப் பிறகு இன்னொரு முறையும் சறுக்கினார், பொங்கலை ஒட்டி. அந்த முறை பழைய அளவுக்குத் திரும்புவதற்குள் தானாகவே புறநோயாளிப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றார். என் தூக்கம் இன்னும் சரியாகவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் இப்போதும் விழித்துக்கொள்கிறேன். அதற்கு நான் தனியாக அதே மருத்துவரிடம் மாதம் ஒரு முறை போகிறேன், அவரை அழைத்துக்கொண்டு போவதில்லை.