மெக்கானிக் பேச்சும் கத்திரியும்: ஒரு வார எடிட்டிங் நாட்குறிப்பு

2025 ஜூன் 9, திங்கள்

இருசக்கர வாகனப் பராமரிப்புச் சேனல் ஒன்றுக்காகப் பதிவான வீடியோ இன்று வந்து சேர்ந்தது. பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர், செயினைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தளர்வைச் சரிசெய்யும் முறையைப் பதினேழு நிமிடம் விளக்குகிறார். சேனல் நடத்தும் தம்பி, "எட்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுங்கண்ணே, 'வந்து வந்து'ன்னு சொல்றத எல்லாம் தூக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதல் நாளில் எதையும் வெட்டுவதில்லை என்பது என் வழக்கம். படத்தை மறைத்துவிட்டு, ஒலியை மட்டும் முழுவதும் கேட்டேன். "வந்து", "அதாவது", "என்னன்னா", "பாத்தீங்கன்னா" ஆகியவை அவர் பேச்சில் ஏராளமாக வருகின்றன; ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்யவில்லை. சில இடங்களில் அவர் அடுத்த சொல்லைத் தேடுகிறார். சில இடங்களில் கேட்பவரைத் தன் பக்கம் திருப்புகிறார். "ஆ", "ம்ம்" போன்ற வெறும் ஒலிகள் குறைவுதான். அவற்றில் பெரும்பாலானவற்றை யோசிக்காமலே எடுத்துவிடலாம்.

ஜூன் 10, செவ்வாய்

மௌனங்களைத் தானாகவே நீக்கும் வசதியை ஒரு நகலின் மேல் ஓட்டிப் பார்த்தேன். ஆடாசிட்டியில் `Truncate Silence` என்று இருப்பதும், வேறு மென்பொருள்களில் வேறு பெயர்களில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றேதான்: ஒலி எந்த அளவுக்குக் கீழே போனால் அதை மௌனம் என்று கொள்வது, எவ்வளவு நேரம் நீடித்தால் வெட்டுவது என்ற இரண்டு எண்களை முக்கியமாகக் கேட்கும்.

குறைந்தபட்ச நேரத்தை 0.1 வினாடி என்று வைத்தபோது நடந்ததைப் பதிவு செய்து வைக்க வேண்டும். "மாட்டிட்டு", "தட்டிப் பாத்து" போன்ற சொற்கள் உடைந்துபோயின. தமிழில் இரட்டித்து வரும் வல்லினத்தை உச்சரிக்கும்போது, நாக்கோ உதடோ காற்றை முழுவதும் அடைத்துவிட்டுத் திறக்கிறது. அந்த அடைப்பு பெரும்பாலும் பத்தில் ஒரு வினாடிக்கு மேல் நீடிக்கும், அந்த நேரத்தில் அலைவடிவம் கிட்டத்தட்ட நேர்கோடாகவே இருக்கும். மென்பொருளுக்கு அது மௌனம். நமக்கோ அதுதான் "ட்ட". அதைச் சுருக்கியதும் அண்ணன் ஏதோ அயலூர்க்காரர் தமிழ் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிட்டார். "பண்ணணும்ங்க" என்று தணிந்து முடியும் சொற்களின் வாலும் அறுந்தது. இந்தப் பேச்சுக்கு 0.5 வினாடிக்குக் கீழே தானியங்கி வெட்டை விடக் கூடாது. விட்டாலும் சொல்லின் இருபுறமும் 0.15 முதல் 0.2 வினாடி வரை ஒதுக்கித்தர வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. எல்லா இடைவெளிகளையும் அது ஒரே அளவுக்குக் குறைத்துவிடுகிறது. வேகம்கூட அவ்வளவு உறுத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையே அச்சு மாறாமல் அதே 0.3 வினாடி வருவதுதான் இயந்திரம் பேசுவதுபோன்ற உணர்வைத் தருகிறது. ஆகவே நகலை அழித்துவிட்டுக் கையால் வெட்டுவதென்று முடிவு செய்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று முழுவதும் ஏறக்குறைய நான்கு நிமிடப் பகுதியோடு கழிந்தது. அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே விரித்து எழுதுகிறேன்:

"செயினோட லூஸ் வந்து… நடுவுல புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தா… ஆ… வந்து… ஒரு இருபதுல இருந்து முப்பது மில்லிமீட்டர் இருக்கலாம், வண்டிக்கு வண்டி மாறும்."

முதல் "வந்து"வை எடுக்க முடியாது. "லூஸ் வந்து" என்பதை அவர் ஒரே மூச்சில், குரலை ஏற்றிச் சொல்கிறார். "வந்து"வை நீக்கினால் "லூஸ்" அந்தரத்தில் தொங்குகிறது. அதற்குப் பின்னிருந்த 0.7 வினாடியை மட்டும் பாதியாக்கினேன். "பாத்தா" என்பதற்குப் பிறகு ஒன்றரை வினாடி மௌனம். காதால் மட்டும் கேட்டால் அது வீண். படத்தைப் பார்த்தால் அப்போதுதான் அவர் விரல் செயினை மேலும் கீழும் அசைக்கிறது. நிபந்தனையைச் சொல்லி நிறுத்தியிருப்பதால், பார்ப்பவரும் விடைக்காகக் காத்திருக்கிறார். ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாக விட்டுவைத்தேன். அடுத்து வந்த "ஆ… வந்து…" இரண்டும் எண்ணை நினைவுகூரும் தடுமாற்றம், முழுவதும் போயிற்று.

"ஒரு இருபது" என்பதில் உள்ள "ஒரு"வையும் இடைச்சொல் என்று எண்ணி வெட்டத் தோன்றும். வெட்டினால் அவர் தோராயமாகச் சொன்னது திட்டமான அளவாக மாறிவிடும், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்ததாகிவிடும்.

தமிழில் பெரும்பாலும் வினைமுற்று வரும்வரை வாக்கியம் முடிவதில்லை என்பதால், "இருக்கலாம்", "பண்ணணும்" என்று முடிந்த பிறகு வரும் இடைவெளியில்தான் கேட்பவர் சொன்னதை வாங்கிக்கொள்கிறார். அங்கே 0.4 முதல் 0.8 வினாடி வரை, கருத்தின் கனத்தைப் பொறுத்து ஏற்ற இறக்கமாக விட்டேன். வேற்றுமை உருபு தொங்கும் இடத்தில், அதாவது "பிரஷ்ஷால…" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடும் இடத்தில், கத்திரி தாராளமாகப் போகலாம்.

ஜூன் 12, வியாழன்

மூச்சும் பின்னணி ஒலியும். வாக்கியத்துக்கு முன் அவர் இழுக்கும் மூச்சை வைத்தால் முழுவதும் வைக்க வேண்டும், எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். பாதியில் வெட்டுப்பட்ட மூச்சு திடுக்கிட்ட விக்கலைப்போல் கேட்கிறது. நீண்ட வாக்கியங்களுக்கு முன்னிருந்த மூச்சுகளை வைத்து, உறுத்தியவற்றின் ஒலியைச் சற்றுத் தணித்தேன். எல்லா மூச்சையும் நீக்கிவிட்டால் கேட்பவருக்கே மூச்சு முட்டும்.

பட்டறையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் சில நிமிடங்கள் ஓடுகிறது, பிறகு நிற்கிறது. ஓடும் பகுதியில் ஒரு சொல்லை எடுத்தால், அந்த உறுமல் இணைப்பில் துள்ளுவது வெட்டைக் காட்டிக்கொடுக்கிறது. வெட்டுகளின் மேல் இரண்டு பிரேம், அதாவது நொடிக்கு 25 பிரேம் கணக்கில் 0.08 வினாடி, ஒலியை ஒன்றோடொன்று கரையவிட்டபோது பெரும்பாலானவை மறைந்தன. இடைவெளியை நீட்ட வேண்டிய இடங்களில், பதிவின் தொடக்கத்தில் யாரும் பேசாமல் இருந்த அரை நிமிடப் பட்டறை ஒலி கைகொடுத்தது. (அதை எடுத்துவைத்த ஒளிப்பதிவாளருக்கு ஒரு தேநீர் கடன்.)

ஜூன் 13, வெள்ளி

படத்தில் தலை துள்ளும் இடங்களைப் பார்த்தேன். 4கே பதிவு என்பதால், ஒரு வெட்டுக்குப் பின் 115 விழுக்காடு வரை பெரிதாக்கிக் காட்டினால் கோணம் மாறியதுபோல் தோன்றித் துள்ளல் மறைகிறது. ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் அப்படிச் செய்தால் தேவையற்ற அழுத்தம் விழுகிறது. அந்த இடங்களில் செயினின் நெருக்கக் காட்சியால் மூடினேன். மூடுவதற்குக் காட்சி கிடைக்காத மூன்று இடங்களில் ஏற்கெனவே எடுத்த "வந்து"வைத் திருப்பி வைத்துவிட்டேன். துள்ளும் முகத்தைவிட ஒரு "வந்து" எவ்வளவோ மேல்.

ஜூன் 15, ஞாயிறு

இப்போது நீளம் பதினொன்றரை நிமிடம். தம்பி கேட்டுவிட்டு, "அண்ணன் நேர்ல பேசுற மாதிரியே இருக்குண்ணே, ஆனா இன்னும் மூணு நிமிஷம் கொறையணுமே, கேப்ப எல்லாம் இறுக்கிடலாமா?" என்றார்.

இறுக்கினால் ஒரு நிமிடம்கூடத் தேறாது, பேச்சு மட்டும் கெட்டுப்போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பதிலாக வேறு வழி தேடினேன். எஞ்சின் ஆயிலையே செயினுக்கு விடலாமா என்ற கேள்விக்கு மெக்கானிக் அண்ணன் இரண்டு முறை பதில் சொல்கிறார். முதல் பதில் சுற்றி வளைத்தது, இரண்டாவது தெளிவானது. முதலாவதை அப்படியே எடுத்துவிட்டேன். செயின் கவரைக் கழற்றும் பகுதியைப் பேச்சில்லாமல் வேகமாக ஓடும் காட்சியாக்கினேன். எட்டு நிமிடம் நாற்பது வினாடிக்கு வந்தது. தம்பி அதற்கு ஒப்புக்கொண்டார். நாளை காலை கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.