சிம்மைக் கழற்றினாலும் விட்டுப் போகாத எண்

காட்பாடியிலிருந்து பாகாயம் செல்லும் நகரப் பேருந்தின் நெரிசலில் என் அம்மாவின் கைப்பேசியை யாரோ எடுத்துவிட்டார்கள். என் கைப்பேசியில் அவருடைய கூகுள் கணக்கைத் திறந்து Find Hub செயலியில் பார்த்தபோது, வரைபடத்தில் புள்ளி கிரீன் சர்க்கிள் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது நின்றுபோய், கடைசியாகத் தெரிந்த நேரம் மட்டும் திரையில் தங்கிவிட்டது.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கியவர், “சிம்மைக் கழட்டிட்டாம்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். அம்மா அழுதுவிட்டார். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பதால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உண்மையான பாதி இதுதான். கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெற்றுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளுமே தவிர, அதை நமக்கு அனுப்பாது. அனுப்புவது இணையத்தின் வேலை. சிம் போனால் மொபைல் டேட்டா போய்விடும். பழகிய வைஃபை எதுவும் அருகில் இல்லையென்றால், தன் இடம் தெரிந்தும் கைப்பேசியால் அதைச் சொல்ல இயலாது. ப்ளூடூத் வழியாக அக்கம்பக்கத்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இடத்தைத் தெரிவிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 9 முதல் உண்டு. ஆனால் இயல்பான அமைப்பில் அது ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டுமே பயன்படும். எங்களுக்கு அதிலும் எதுவும் கிடைக்கவில்லை.

இதே காரணத்தால், சிம்மை நாமே முடக்கினாலும் புள்ளி மறைந்துவிடும். எனவே முதலில் இடத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, கைப்பேசியைப் பூட்டும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, உடனே சிம்மை முடக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சிம்மை வேறொரு கைப்பேசியில் போட்டு வங்கியின் ஓ.டி.பி.யைப் பெற முடியும் என்பதால் இதில் தாமதம் கூடாது. அழிக்கும் கட்டளையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். தகவல்கள் அழிந்த பிறகு Find Hub அந்தக் கைப்பேசியின் இடத்தைக் காட்டாது.

காவல் நிலையத்தில் சொல்லப்படாத மற்றொரு பாதி ஐ.எம்.இ.ஐ. எண். அந்த 15 இலக்கங்கள் சிம்மில் இல்லை, கைப்பேசியிலேயே பதிந்துள்ளன. திருடியவரோ, அவரிடம் வாங்கியவரோ எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும், வலையமைப்பில் பதிவாகும்போது புதிய சிம்மின் அடையாளத்துடன் இந்த எண்ணும் சேர்ந்து போகிறது. நாடு முழுவதற்கும் 2023 மே மாதம் திறக்கப்பட்ட ceir.sancharsaathi.gov.in தளம் இதை வைத்தே கைப்பேசியை முடக்குகிறது. முடக்கிய பிறகு யாரேனும் அதில் சிம் போட்டால் அந்த விவரம் காவல்துறைக்குச் செல்கிறது.

“திருட்டு” என்றே எழுதிக் கொடுத்து, புகார் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிய பின்னரே நாங்கள் வெளியே வந்தோம். கடை ரசீதில் ஒரு ஐ.எம்.இ.ஐ. எண் மட்டுமே அச்சாகியிருந்தது. இரண்டு சிம் போடும் கைப்பேசிக்கு இரண்டு எண்கள் உண்டு. பீரோவின் மேல் கிடந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளில் இரண்டும் இருந்தன. ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றொரு சிம் இடம் தப்பிவிடக்கூடும் என்பதால் இரண்டையும் பதிய வேண்டும்.

பழைய எண்ணுக்கு மாற்றுச் சிம் எளிதில் கிடைத்தது. ஆனால் முடக்கும் தளத்தின் படிவத்தை நிரப்பி முடித்தபோது ஓ.டி.பி. வரவே இல்லை. மீண்டும் சிம் கடைக்கு அலைந்தோம். அங்கிருந்தவருக்கும் காரணம் தெரியவில்லை. மாற்றுச் சிம்மில் குறுஞ்செய்தி வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும் என்பது தளத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. மறுநாள் ஓ.டி.பி. வந்தது, விண்ணப்ப எண்ணும் கிடைத்தது.

சில வாரங்களுக்குப் பிறகு ஆரணிப் பக்கம் ஒருவர் அதில் தம் சிம்மைப் போட்டிருக்கிறார். அந்த விவரம் வந்தும் நிலையத்திலிருந்து யாரும் அழைக்கவில்லை; விண்ணப்ப எண்ணைச் சொல்லி நான் நேரில் கேட்ட பிறகே கோப்பைப் பார்த்தார்கள். பழைய கைப்பேசி என்று விலைக்கு வாங்கியிருந்த அந்த மனிதர், காவலர்கள் பேசியதும் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. உதிரி பாகங்களாகப் பிரித்து விற்றுவிட்டாலோ, வெளிநாட்டுக்குப் போய்விட்டாலோ, ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றிவிட்டாலோ இந்த வழி பயன்படாது. முடக்கப்பட்ட கைப்பேசி வைஃபையில் தொடர்ந்து இயங்கும் என்பதால், கூகுள் கணக்கிலிருந்து அதை நீக்காமல் வைத்திருப்பது நல்லது. இணையம் கிடைத்ததும் பூட்டும் கட்டளை போய்ச் சேரும். பழைய கைப்பேசி வாங்குபவர்கள் KYM என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் அது முடக்கப்பட்டதா என்று பதில் வரும். கைப்பேசி கையில் இருக்கும்போது *#06# அழுத்தினால் எண்கள் திரையில் தெரியும்.

கைப்பேசி திரும்பக் கிடைத்ததும் அம்மா தம் சிம்மைப் போட்டார், சிக்னல் வரவில்லை. அதே தளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து முடக்கத்தை நீக்கிய பிறகே அது அழைப்புகளை ஏற்றது.