ஃபோர் பார் லிங்கேஜ்: 60 மி.மீ. கிராங்கும் குப்புற விழுந்த வைப்பரும்

கினமேட்டிக்ஸ் வகுப்புக்கு, நாலு பட்டைகளை முளைகளால் கோத்து வைப்பர் மாதிரி ஆடும் ஒரு ஃபோர் பார் மாடல் செய்து, கப்ளர் என்ற இணைப்புப் பட்டையில் ஒரு புள்ளி போகும் பாதையை வரைந்து கொண்டுவர வேண்டும். விடுமுறைக்குக் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டில் இருந்ததால், பக்கத்து ஆசாரியிடம் மிச்ச பிளைவுட் பட்டைகளை வாங்கிக்கொண்டு வளவில் கடை விரித்தேன்.

நான் முதலில் குழம்பியது ஒன்று உண்டு. வைப்பர் கை மாட்டியிருப்பது முன்னும் பின்னும் ஆடும் பட்டையான ராக்கரில்; அதன் நுனி வெறும் வட்ட வில்தான் போடும், வந்த வழியே திரும்பும். முழுச் சுற்று சுற்றும் கிராங்கையும் ராக்கரையும் இணைக்கிற கப்ளர்தான் சுழலவும் செய்கிறது, ஆடவும் செய்கிறது. அதனால்தான் வாத்தியார் அதன் பாதையைக் கேட்டிருக்கிறார்.

நாலாவது பட்டையாகக் கணக்கில் வரும் அடிப்பலகையில் இரண்டு நிலையான முளைகளுக்கு நடுவே 200 மி.மீ., கப்ளர் 190, ராக்கர் 70. எல்லாம் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை. கிராங்கைப் பெரிதாக வைத்தால் வைப்பர் அகலமாகத் துடைக்கும் என்ற ஆசையில் 60 வைத்தேன். சுற்றினேன். முக்கால் சுற்று ஒழுங்காகப் போனது. கிராங்க், ராக்கர் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே திரும்பியதும் நாலு பட்டையும் ஒரே கோட்டில் படுத்துக்கொண்டன. அதைத் தாண்டித் தள்ளினால் ராக்கர் மேலே எழாமல் கீழ்ப்பக்கம் போய்விட்டது. அடுத்த முறை மேலே வந்தது. அதன் இஷ்டம்!

துளை லூசாக இருக்கும் என்று அரை நாள் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு கணக்கில் இருந்தது. கிராங்க் முழுச் சுற்று சுற்ற, மிகச் சின்ன பட்டை, மிகப் பெரிய பட்டை இரண்டின் கூட்டல் மற்ற இரண்டின் கூட்டலைத் தாண்டக்கூடாது. இது கிராஷாஃப் விதி. என்னுடையது 60 + 200 = 260, அங்கேயும் 190 + 70 = 260. தாண்டவில்லைதான், ஆனால் சரிசமம். சமமானால் பட்டைகள் ஒரே கோட்டுக்கு வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே எந்தப் பக்கம் போவது என்று ராக்கரைக் கட்டுப்படுத்த எதுவுமே இல்லை.

கிராங்கை 50 ஆக்கினால் ராக்கர் சுமார் 92 டிகிரி ஆடும். ஆனால் கப்ளருக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள கோணம் ஓரிடத்தில் 36 டிகிரிக்குச் சுருங்குகிறது. அங்கே கப்ளர் ராக்கரைத் திருப்புவதைவிட அதன் முளையை அழுத்துவதுதான் அதிகம். கையில் இறுக்கம் தெரிந்தது. 40க்குக் கீழே போகவிடாதே என்றுதான் வகுப்பில் சொல்வார்கள். 45 வைத்தேன்: கோணம் குறைந்தது 44, ஆட்டம் 80 டிகிரி. போதும்.

அப்புறம் இன்னொரு இடி. சுற்றுக்கு ஒரு தடவை கிராங்கின் மேலேயே கப்ளர் மடிந்து படுக்கும். அப்போது அது கிராங்க் முளைக்கு நேர் மேலே கடக்கிறது. போல்ட் தலை துருத்திக்கொண்டிருந்ததால் டக்கென்று நின்றது. ஆசாரிதான் பார்த்தார். “தம்பி, தலையை மரத்துக்குள்ள இறக்கிடுங்க” என்று குழி பறித்துக் கொடுத்தார்.

கப்ளர் நடுவில் துளை போட்டு, பால்பாயிண்ட் ரீஃபில் செருகி, கீழே காகிதம் ஒட்டிச் சுற்றினேன். சாய்ந்த முட்டை ஒன்று வந்தது: நீளம் ஏறக்குறைய 9 செ.மீ., அகலம் நாலரை. ராக்கர் முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி இன்னொரு துளை போட்டால் அதே முட்டை மெலிந்து வாழைப்பழமாக வளைகிறது, ஏனென்றால் அந்தப் புள்ளி ராக்கரின் வில்லோடு ஒட்டியே போகிறது. “இதென்னடா கோலம், புள்ளியே இல்லாம?” என்றார் அப்பத்தா.

அவர் சொன்னதும் புள்ளியும் வைத்தேன். கிராங்க் முளையைச் சுற்றிக் கோணமானியால் 45 டிகிரிக்கு ஒரு கோடு போட்டு, கிராங்க் ஒவ்வொரு கோட்டுக்கும் வரும்போது ரீஃபிலை அழுத்திக் குத்தினேன். முட்டையின் இரண்டு முனைகளிலும் புள்ளிகள் நெருங்கி, பக்கவாட்டில் அகன்று விழுந்தன. முனையில் ஒன்றரை செ.மீ., பக்கத்தில் மூன்றரை. கிராங்க் ஒரே சீராகச் சுற்றினாலும் புள்ளியின் வேகம் சீராக இல்லை என்பது காகிதத்திலேயே தெரிகிறது.

அதே காகிதத்தில் எதிர்ப்பக்கம் சுற்றியபோது கோடு முதல் கோட்டின் மேல் விழவில்லை. சில இடங்களில் 2 மி.மீ. விலகல். இதுதான் உண்மையான லூஸ். 4 மி.மீ. போல்ட்டுக்குக் கை டிரில்லில் போட்ட துளை நீள்வட்டமாகியிருந்தது. துளைக்குள் பித்தளைக் குழாய்த் துண்டு அடித்து, மேலே இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கினேன். இப்போது இரண்டு கோட்டுக்கும் இடையே பென்சில் கோட்டின் தடிமன்தான் இருக்கிறது. ராக்கர் ஆட்டத்தைக் கோணமானியில் அளந்தால் 79 டிகிரி.