எட்டே படம்

மண்டபத்துக் கரையில் எடுத்த மீன் படங்களை சூடை, காரல், நகரை, பாறை என நான்காகப் பிரிக்க ஒரு மாடல். மொத்தப் படத்தையும் கொடுக்கும் முன், கோடில் பிழை இருக்கிறதா என்று பார்க்க, மனப்பாடத்தைத் தடுக்கும் ஆக்மென்டேஷனையும் டிராப்அவுட்டையும் அணைத்துவிட்டு, வெறும் எட்டுப் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப 300 தடவை ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தால் எட்டையும் மனப்பாடம் செய்து, விடை எவ்வளவு தப்பு என்று அளக்கும் லாஸ் பூஜ்யத்தை ஒட்டிப் போக வேண்டும். 1.39-இல் தொடங்கியது சரிதான், நான்கு வகையில் குருட்டாம்போக்கில் ஊகித்தால் ln 4 அவ்வளவுதான் வரும். ஆனால் 0.74-க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது, இத்தனைக்கும் எட்டு விடையும் சரி! பார்த்தால், மாடலின் கடைசியில், மதிப்பெண்களை நிகழ்தகவாக மாற்றும் `softmax` ஒன்றை நானே போட்டிருக்கிறேன், லாஸைக் கணக்கிடும் PyTorch-இன் `CrossEntropyLoss` உள்ளுக்குள் இன்னொன்று போடுகிறது. இரண்டு முறை போட்டால் நான்கு வகைக்கு 0.74-க்குக் கீழே இறங்கவே முடியாது. என்னுடையதை எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் 0.001. அப்புறம் ஒன்று, காரலுக்கு நகரை என்று லேபிள் மாறியிருந்தாலும் அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடும், அந்தத் தப்பு இதில் தெரியாது. அதற்கு நாளைக்கு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் படமாகப் பார்க்க வேண்டும்.