இரண்டா, ஒன்றா?

நானும் என் தோழியும் பிஜி படிப்பில் ஒரே பேட்ச். இப்போது ஒரே பேத்தாலஜி லேபில் எதிரெதிர் மேசை. அனுபவம், படித்த புத்தகம், பார்த்த ஸ்லைடுகளின் எண்ணிக்கை எல்லாம் ஏறக்குறைய சமம்தான். அதனால்தான் அந்தத் தைராய்டு ஸ்லைடு என்னைக் குழப்பியது.

இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. சுற்றிலும் தெளிவான உறை, உள்ளே ஃபாலிக்கிள்கள் என்னும் சிறு சிறு பைகள். இந்த மாதிரிக் கட்டிகளில் செல்களின் உட்கருவைப் பார்த்து மூன்று மதிப்பெண்ணுக்குப் போடுவோம். உட்கரு பெரிதாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஒன்று, அதன் ஓரம் நெளிந்து மடிந்திருந்தால் ஒன்று, உள்ளே இருக்கும் குரோமேட்டின் என்ற பொருள் வெளிறியிருந்தால் ஒன்று. கட்டி உறையை மீறாமல் இருந்து இரண்டோ மூன்றோ வந்தால் அது நிஃப்டிபி. 2016 வரை புற்றுநோய் என்ற பெயரில் இருந்து, பிறகு அந்தப் பெயர் நீக்கப்பட்ட வகை. இரண்டுக்குக் கீழே என்றால் அடினோமா, அதாவது புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி.

நான் ஒன்று போட்டேன். அவள், "எனக்கு ரெண்டு வருதுப்பா" என்றாள். கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி மெழுகில் பதித்து வைப்போம், ஒவ்வொன்றும் ஒரு பிளாக்; முதலில் ஒரே பிளாக்கைத்தான் பார்க்கிறோமா என்று சரிபார்த்தோம். ஒருமுறை அவள் மூன்றாம் பிளாக்கையும் நான் ஐந்தாம் பிளாக்கையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். இந்த முறை ஒரே ஸ்லைடு, ஒரே இடம். உட்கரு பெரிதாக இருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. தகராறு ஓரத்தைப் பற்றித்தான். அவளுக்கு மடிப்பாகத் தெரிந்தது எனக்குத் திசு பதப்படுத்தும்போது ஏற்பட்ட சுருக்கமாகத் தெரிந்தது.

அப்போது என் மனம் செய்ததைச் சொல்ல வேண்டும். 'அவள் சுருக்கத்தை மடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டாள், எனவே நான் சரி' என்றது. தகராறே அது சுருக்கமா மடிப்பா என்பதுதான். என் தீர்ப்பையே ஆதாரமாக வைத்து அவளை ஒரு படி கீழே இறக்கியிருந்தேன். தத்துவவாதி டேவிட் கிறிஸ்டென்சன் கேட்பது இதைத்தான். ஓட்டல் பில்லை மனக்கணக்காகப் பங்கு பிரிக்கிறோம். எனக்கு 43 டாலர் வருகிறது, கணக்கில் எனக்குச் சமமான நண்பருக்கு 45. 'எனக்கு 43 வந்தது, அதனால் அவர்தான் தவறு' என்று சொல்ல முடியுமா? இன்னொரு தத்துவவாதி தாமஸ் கெல்லி மறுபக்கம் நிற்கிறார். கையில் இருக்கும் ஆதாரத்தை நான் உண்மையிலேயே சரியாக எடைபோட்டிருந்தால், இன்னொருவர் செய்த பிழைக்காக நான் ஏன் பாதி வழி இறங்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருக்கும்போது, சரியாக எடைபோட்டதும் தவறாக எடைபோட்டதும் உள்ளே ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். சிக்கலான ஸ்லைடுகளில் ஐந்துக்கு நான்கு முறை நான் சரி, அவளும் அப்படியே, ஒருவர் பிழை மற்றவரைத் தொடாது என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஸ்லைடில் பதினாறில் இருவரும் சரி, ஒன்றில் இருவரும் தவறு. மீதி எட்டில்தான் முரண்பாடு வரும். அதில் நான் சரியாக இருப்பது நான்கு, அவள் சரியாக இருப்பது நான்கு. ஆக, அவள் முரண்பட்ட அந்த நொடியிலேயே என் எண்பது சதவீத நம்பிக்கை ஐம்பதுக்கு வந்துவிடுகிறது. அவள் ஒத்துக்கொண்டிருந்தால் தொண்ணூற்று நான்குக்கு ஏறியிருக்கும். ஏறும்போது சந்தோஷமாக வாங்கிக்கொள்கிற நான், இறங்கும்போது மட்டும் வாதாடுகிறேன்.

ஐம்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இங்கே அப்படி இல்லை. பாதித் தைராய்டை ஏற்கெனவே எடுத்தாயிற்று, உறையை மீறிக் கட்டி பரவாதவரை இரண்டு பெயருக்கும் அது போதும். பரவியிருந்தால்தான் மறு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே எழும். ஆகவே மதிப்பெண் சண்டையை ஒதுக்கிவிட்டு, மீதமிருந்த உறை முழுவதையும் பிளாக் போட்டோம். எங்கும் ஊடுருவல் இல்லை. அதில் இருவரும் ஒரே வார்த்தை.

எந்தப் பெயர் என்று முடிவு செய்ய, வெளியே ஒரு மூத்த நிபுணருக்கு ஸ்லைடை அனுப்பினோம். எங்கள் மதிப்பெண்களைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கண் அங்கேயே போய் நிற்கும். பதில் வந்தது: இரண்டு. தோழி சிரித்தாள். 'ரெண்டுக்கு ஒண்ணு' என்று நானும் ஒப்புக்கொள்ளப் போனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பிஜி முடித்ததும் அவள் இரண்டு வருடம் அந்த நிபுணரிடம்தான் வேலை பார்த்தாள். மடிப்பு எப்படி இருக்கும் என்று அவள் கண்ணைப் பழக்கியதே அவர். அப்படியானால் அது முழு இரண்டாவது ஓட்டா, பாதியா? என்னால் கணக்கிட முடியவில்லை. ஆனால் பூஜ்யமில்லை.

நிஃப்டிபி என்று எழுதி, ஓரத்தைப் பற்றி லேபுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததையும் ஒரு வரி சேர்த்து இருவரும் கையெழுத்திட்டோம். அந்த ஸ்லைடு இன்னும் என் டிராயரில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். எனக்கு இன்னும் சுருக்கமாகத்தான் தெரிகிறது.